பழைய மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், அதிபர், ஆசிரியர்கள், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்ட அறிக்கை ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வருடம் நிருவாக சபை அதிக நேரம் செலவிட்டது இல்ல மெய்வல்லுநர் போட்டியின் புள்ளிமுறைக்காகத்தான்.

முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1, அஞ்சலோட்டத்துக்கு இரட்டிப்பு என்பதுதான் பழைய முறை. அதில் ஒவ்வொரு இல்லத்திலும் குறிப்பிட்ட சில பிள்ளைகளே ஓடினார்கள், மற்றவர்கள் கூடாரத்தில் இருந்து கைதட்டினார்கள். பங்குபற்றிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி கொடுக்கலாமே என்று முதலில் யோசித்தோம். ஆனால் அதே ஓட்டக்காரர்கள் எல்லா நிகழ்ச்சியிலும் பெயர் கொடுப்பார்கள், பெரிய இல்லம் தலைக்கணக்கிலேயே முந்திவிடும்.

ஆகவே ஒரு பிள்ளையை ஒரு தடவை மட்டுமே கணக்கெடுத்தோம். ஏதாவது ஒரு நிகழ்ச்சியை முடித்தால் 1, அதில் குறித்த தரத்தை எட்டினால் 2. மொத்தத்தை இல்லத்தின் பிள்ளைத் தொகையால் வகுத்து 50ஆல் பெருக்க வேண்டும். ஆகக் கூடியது 100 வரும். உதாரணமாக 92 பேர் உள்ள இல்லத்தில் 70 பேர் பங்குபற்றி, அதில் 40 பேர் தரத்தை எட்டினால் கூட்டுத்தொகை 110, புள்ளி 60. 110 பேர் உள்ள இல்லத்தில் 75 பேரும் 42 பேரும் என்றால் கூட்டுத்தொகை 117, ஆனால் புள்ளி 53தான். இல்லத் தலைவர்கள் இனி இன்னும் ஓடாத பிள்ளையைத்தான் தேடிப் போக வேண்டும்.

கடைசியாக வருகிறவனுக்கும் புள்ளியா என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இடங்களுக்கான பழைய புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன, அவற்றோடுதான் இது சேர்கிறது. மேற்சொன்ன வித்தியாசம் 7 புள்ளி; ஓர் அஞ்சலோட்ட முதலிடத்துக்கே 10. வெற்றியின் பெறுமதி குறையவில்லை என்று கணக்கைக் காட்டியதும் சரி என்றார்.

தரத்தை வயதுப் பிரிவு வாரியாக வைத்தோம். சென்ற வருடத் தெரிவுப் போட்டி நேரங்களை வரிசைப்படுத்தி, நடுவில் நின்ற பிள்ளையின் நேரத்தை எடுத்தோம். இத்தனை பேரை ஒரே நாளில் ஓடவைக்க முடியாது என்பதால், முந்திய இரு கிழமை உடற்கல்விப் பாடவேளைகளில் நடத்தி, மாற்று இல்ல மாணவரைக் கொண்டு பதிவு செய்வித்தோம். ஒரு வகுப்பின் தாளில் எல்லா நேரமும் முழு விநாடியில் முடிந்திருந்தது. நிறுத்தற்கடிகாரத்தில் அப்படி விழாது. அந்த வகுப்பைத் திரும்ப ஓடவைத்தார்கள்.

வைத்தியர் கடிதம் உள்ளவர்களைத் தொகையிலிருந்து கழிக்கும்படி கேட்டார்கள். கழித்தால் கடிதங்கள் பெருகும் என்பது என் அபிப்பிராயம். நாடா பிடித்தல், பதிவெழுதுதல் போன்ற வேலை செய்தால் அவர்களுக்கும் 1 என்று தீர்மானித்தோம்.

இன்னும் நான்கு நிறுத்தற்கடிகாரங்கள் தேவை. அதற்கான தொகையை அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்