பணியாளர் உணவக ஒப்பந்தத்தில் குறைந்தபட்சச் சாப்பாட்டு எண்ணிக்கை கோரும் மனு

அனுப்புநர்:
பணியாளர் உணவக ஒப்பந்ததாரர்கள்

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் (நிர்வாகம்) அவர்கள்

பொருள்: சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கையை உறுதி செய்தல், அபராத விதியைத் திருத்துதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்னர் அளித்து, பதில் வராத எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உணவகக் கட்டடமும், அதன் ஒரே தண்ணீர்த் தொட்டியும், சரக்கு வண்டி நிற்க வேண்டிய பின்வாசலும் தாங்கள் அறிந்தவையே. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. ஒப்பந்தப்புள்ளியில் நாளொன்றுக்கு ‘உத்தேசமாக 400 சாப்பாடு’ என்று இருந்தது. அதை நம்பித்தான் விலை கொடுத்தோம். ஒரு சாப்பாட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், மளிகையும் காய்கறியும் 55, ஆள் கூலி 25, எரிபொருள் 6, துப்புரவும் வண்டிச் செலவும் 4, கணக்கு, காப்பீடு, பாத்திரத் தேய்மானம் 5. மிச்சம் 5 எங்கள் லாபம்.

2. வலிக்கும் இடம் ஆள் கூலி. தலைமைச் சமையற்காரர், உதவியாளர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், சரக்கறை பார்ப்பவர் என 12 பேர் தேவை. சாப்பாடு குறைந்தால் மளிகை குறையும்; கூலி குறையாது. 400 பேருக்கும் 280 பேருக்கும் அடுப்பு ஒரே நேரத்தில்தான் பற்றவைக்கப்படுகிறது. 25 வீதம் 400 சாப்பாட்டுக்கு நாள் கூலி 10,000 பங்கு. இப்போது வருவது 280 பேர். அதே 10,000-ஐ 280-ஆல் வகுத்தால் சாப்பாட்டுக்குக் கூலி 35.7 ஆகிறது. கணக்கு, காப்பீட்டுச் செலவும் 5-லிருந்து 7.1 ஆகிறது. மொத்த அடக்கம் ஏறக்குறைய 108. எங்களுக்குக் கிடைப்பதோ 100. ஒவ்வொரு தட்டிலும் 8 பங்கு கையிலிருந்து போகிறது, ஐயா.

“ஆளைக் குறைத்துக்கொள்ளலாமே” என்று கேட்பார்கள். குறைத்தே கணக்குப் போட்டோம். இரண்டு பேரை நிறுத்தினாலும் அடக்கம் 102-க்குக் கீழே இறங்கவில்லை. யாரை நிறுத்துவது? சமையலறையில் கை வைக்க முடியாது. பரிமாறுபவரையும் பாத்திரம் கழுவுபவரையும்தான் நிறுத்த முடியும். உடனே தட்டு திரும்பி வர நேரமாகிறது, வரிசை நீள்கிறது, ‘தாமதம்’ என்று பதிவேட்டில் ஏறுகிறது. அங்கே அபராதம் காத்திருக்கிறது.

3. அந்த அபராதத்தைத் தயவுசெய்து ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். தாமதம் ஒன்றுக்கு மாத பில்லில் 2 சதவீதம். மாதம் 25 வேலை நாள் என்றால், 15 நிமிடத் தாமதத்துக்கு ஒரு நாள் முழு வருமானத்தில் பாதி போகிறது! 400 சாப்பாடு முழுதாக விற்றாலும் எங்கள் லாபம் 5 சதவீதம்தான். மூன்று தாமதத்தில் அந்த மாதம் நட்டம். மோட்டார் ஓடாமல் தொட்டி காலியாகி அரிசி கழுவத் தண்ணீர் இல்லாத நாளிலும், பின்வாசல் பூட்டிக் கிடந்து காய்கறி வண்டி வெளியே நின்ற நாளிலும் இதே அபராதம்தான். அந்த மோட்டாரும் பூட்டும் எங்கள் கையிலா இருக்கின்றன?

சுகாதாரக் குறைக்கும், அளவு குறைவுக்கும் கடுமையான அபராதம் இருக்கட்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. தாமதத்துக்கான அபராதம் பாதிக்கப்பட்ட வேளையின் பில்லில் மட்டும் கணக்கிடப்பட வேண்டும். மாத மொத்த அபராதத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். அலுவலகத் தரப்பால் நேர்ந்த தாமதத்தை, அன்றே இரு தரப்பும் கையெழுத்திட்டு, விலக்க வேண்டும்.

4. மளிகை விலை 10 சதவீதம் ஏறினால் அடக்கம் 5.5 பங்கு ஏறும். லாபம் அதோடு சரி. ஆண்டுக்கு ஒரு முறையாவது விலை திருத்தம் தேவை.

5. ஆகவே நாங்கள் மன்றாடிக் கேட்பது: உத்தேச எண்ணிக்கையில் 85 சதவீதத்தை, அதாவது 340 சாப்பாட்டை, குறைந்தபட்சமாக உறுதி செய்யுங்கள். அந்த எண்ணிக்கையில் அடக்கம் 100-ஐ ஒட்டி நிற்கிறது. லாபம் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. நாங்கள் லாபத்துக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. 340-க்குக் கீழே போகும் நாளில், குறையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முழு விலை வேண்டாம், மளிகை வாங்காத கணக்கில் அந்த 55-ஐக் கழித்துவிட்டு மீதியைத் தாருங்கள். கூடவே, மறுநாள் எத்தனை பேர் என்பதை முதல் நாள் மாலை 5 மணிக்குள் எழுத்தில் தரச் சொல்லுங்கள். காலையில் உலை வைத்த பிறகு வரும் எண்ணிக்கை மீந்த சோற்றை அளக்கத்தான் உதவும்.

‘உத்தேசம்’ என்ற ஒரு சொல்லுக்கு அடியில் மொத்த ஆபத்தையும் எங்கள் தலையில் வைத்தால், அடுத்த முறை விலை கொடுப்பவர் 280-ஐ வைத்தே கணக்குப் போடுவார். விலை 100-இலிருந்து 113 ஆகும். அதைக் கொடுக்கப்போவதும் இதே அலுவலகம்தான்.

அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரும் முன், 3, 4, 5 ஆகிய புள்ளிகள் மீது எழுத்துமூலம் ஆணை பிறப்பிக்குமாறு மீண்டும் மிகப் பணிவுடன் வேண்டுகிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒப்பந்ததாரர்கள்

இணைப்பு: நாள்வாரிச் சாப்பாட்டு எண்ணிக்கைப் பதிவேட்டின் நகல், கூலிப் பட்டியல், அபராதப் பிடித்தக் குறிப்புகள்