காதும் நெற்றியும்: சரவணனுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகன் சரவணனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்து முழுத்தாளில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். நம் சலூனில் கூட்டம் குறைந்த பிறகு பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நெற்றியும் காதும் பெரிதாகத் தெரியாமல் எப்படி முடி வெட்டுவது என்று போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். இதை ஹைதராபாத்தில் முடிவெட்டுபவரிடம் போகும்போது கையில் வைத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ அனுப்பிய செல்ஃபியைப் பார்த்துவிட்டு, "நெற்றிதான் அகலமாகத் தெரிகிறது, பக்கத்தை நன்றாகக் குறைத்துவிட்டு மேலே தூக்கி வாரு" என்று சொன்னேன். அது என் தவறு. நீயும் போய் ஜீரோ மிஷின் போட்டு ஃபேட் வெட்டிக்கொண்டாய். அதன்பிறகுதான் ஆபீசில் காதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. அந்தச் செல்ஃபி என்னை ஏமாற்றிவிட்டது. கையை நீட்டி எடுக்கும் படத்தில் கேமரா முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில்தான் இருக்கும். அதற்குக் கிட்டே இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். நீ போனை மேலே தூக்கிப் பிடித்திருந்தாய், அதனால் நெற்றி இருப்பதைவிடப் பெரிதாக விழுந்தது. காது முகத்துக்குப் பின்னால் தள்ளி இருப்பதால் சுருங்கிக் கன்னத்துக்குப் பின்னே ஒளிந்துகொண்டது. போதாததற்கு, உன் போன் செல்ஃபியைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிச் சேமித்திருக்கிறது. உன் இடது கன்னத்து மச்சம் அதில் வலது கன்னத்தில் இருப்பது போல விழுந்திருந்ததை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

இப்போது அனுப்பியவை சரியான படங்கள். உன் ரூம் நண்பர் ஆறடி தள்ளி நின்று, உன் கண்ணுக்கு நேராகப் பின்கேமராவில் எடுத்திருக்கிறார். முடியை ஈரமில்லாமல் பின்னால் வாரிவிட்டு, ஒன்று முன்னாலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து. இப்படி இருந்தால்தான் எதையும் நம்பிச் சொல்ல முடியும்.

முன்பக்கப் படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பிரிண்டில் உன் முகம் ஏறக்குறைய அசல் அளவிலேயே இருக்கிறது. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை ஏழரை சென்டிமீட்டர். புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை ஆறேகால். அங்கிருந்து தாடை வரை ஆறேகால். மூன்றும் அருகருகே இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் உறுத்தாது. உனக்கு நெற்றி மட்டும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடுதல். அவ்வளவுதான் விஷயம், நீ பயப்படும் அளவுக்கு இல்லை. காது, பக்கவாட்டு முடியின் ஓரத்திலிருந்து இடது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டரும் வலது பக்கம் இரண்டும் வெளியே தெரிகிறது. இரண்டு காதும் ஒரே அளவு விரிந்தவர்களை இந்த 32 வருஷத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் காது கூடுதல் என்று தெரிந்தால்தான் முடியின் கனத்தை எந்தப் பக்கம் விடுவது என்று முடிவெடுக்க முடியும்.

காது ஏன் திடீரென்று பெரிதாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். படத்தில் உன் வலது காதுக்குப் பின்னால் பார். மிஷின் போட்ட முடி இன்னும் முழுதாக வளராததால் அங்கே வெளிறிய தோல் தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் காதின் விளிம்பு முழுவதும் கோடு போட்டது போல எடுத்துக் காட்டுகிறது. அங்கே கறுப்பு முடி இருந்தால் காதுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி நிழலாகி மறைந்துவிடும். இன்னொன்று, பக்கத்து முடியை ஒட்ட எடுத்தால் தலையே அகலம் குறைந்துவிடும். காது இருந்த இடத்திலேயே இருக்கும், தலை உள்ளே போய்விடும். அதனால்தான் நேற்றுவரை சும்மா இருந்த காது இன்றைக்குத் துருத்துகிறது.

நெற்றிக்கும் காதுக்கும் ஒரே வெட்டில் வழி தேடும்போது சிக்கல் வருவதும் இங்கேதான். நெற்றியைக் குறைத்துக் காட்ட முன்முடியை இறக்கிவிட்டுப் பக்கத்தை ஒட்ட வெட்டுவதுதான் இப்போது எல்லாக் கடையிலும் செய்கிறார்கள். அது காதைக் காட்டிக்கொடுத்துவிடும். காதை மறைக்கப் பக்கத்தில் முடியை நிறைய வளர்த்தாலோ, நெற்றிப்பொட்டுப் பக்கம் அகலம் கூடி நெற்றி இன்னும் விரிந்து தெரியும். காதின் மேலேயே முடி விழும்படி விட்டால் காது அதை வெளியே தள்ளும், கூரைத் தாழ்வாரம் போல முடி நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே உனக்கு நடுவாக ஒன்று வேண்டும்.

பக்கப் படம் அதற்கு உதவியது. விரிந்த காது பக்கத்திலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும், அதனால் அந்தப் படத்தைக் காதுக்காக நான் பார்க்கவில்லை. நெற்றி மூலையில் முடி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்தேன். உன் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூலை அதே இடத்தில் இருக்கிறது. ஓரத்து முடி மெலிந்து பூனைமுடி ஆகவும் இல்லை. இது உன் தாத்தாவின் நெற்றி, பிறப்பிலேயே வந்தது. முடி ஏறிப்போகிறதோ என்ற கவலை வேண்டாம். மூலை ஏறிக்கொண்டிருந்தால் நான் வெட்டைப் பற்றி எழுதாமல், முதலில் தோல் டாக்டரைப் பார் என்று எழுதியிருப்பேன். இன்னொன்றும் தெரிந்தது, உன் பின்மண்டை கொஞ்சம் தட்டை. அங்கே ஒட்ட எடுத்தால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் காதுக்குப் பின்னால் தலையே இல்லாதது போல இருக்கும். அதனால் பின்மண்டையில் கனம் விட வேண்டும், பிடரியில் மட்டும் படிப்படியாகக் குறைத்தால் போதும்.

இப்போது வெட்டைச் சொல்கிறேன். காதுக்கு மேலேயும் பின்னாலும் மிஷின் படவே கூடாது. சீப்பை வைத்துக் கத்தரியால் மட்டும். பக்கத்து முடி நான்கு சென்டிமீட்டர் அளவில் நிற்க வேண்டும், நுனி காதின் மேல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் காது வெளியே நீட்டுவதில் பாதி தூரம் வரைக்கும் முடி வந்தால் போதும், அதற்கு மேல் வந்தால் தலை குடம் போல ஆகிவிடும். கிருதாவைக் காதின் நடு வரைக்கும் கனமாக விடச் சொல். அதை மெல்லிசாக வழித்துவிட்டால் காதுக்கு முன்னாலும் வெளிச்சம் வந்துவிடும்.

முன்முடியை நேராக அறுத்து நெற்றியில் போடாதே. உன்னுடையது சுருட்டை கலந்த கனமான முடி. வியர்த்தால் அது கொத்துக் கொத்தாகப் பிரிந்து, இடையிடையே நெற்றி இன்னும் பளிச்சென்று தெரியும். இடப்பக்கம் வகிடு எடுத்து, வலப்பக்கமாகச் சாய்த்து, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே முடியும்படி இறக்கு. நெற்றி முழுக்க மூட வேண்டியதில்லை. சாய்வாக ஒரு ஓரம் மறைந்தாலே கண் அந்த ஏழரையை அளக்காது. நடுவகிடு வேண்டாம், அது இரண்டு மூலையையும் திறந்துவிடும். இடப்பக்க வகிடு என்று சொல்வதற்கு இரண்டு காரணம். கூடுதலாக விரிந்த காது வலது, கனமான பக்கம் அதன் மேல் வரட்டும். அதோடு உனக்கு முன்நெற்றியில் இடப்பக்கம் ஒரு சுழி இருக்கிறது, முடி தானாகவே வலதுக்குத்தான் போகும். சுழிக்கு எதிராக வாரினால் பத்து நிமிஷத்தில் எழுந்து நின்றுவிடும்.

முன்முடியை எப்போதும் உலர்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரத்தில் உன் முடி இழுபட்டு நீளமாகத் தெரியும். புருவத்துக்கு மேலே சரியாக இருக்கிறது என்று வெட்டிவிட்டால், காய்ந்ததும் சுருண்டு இரண்டு சென்டிமீட்டர் ஏறிவிடும். வெட்டிய முடியைத் திரும்ப ஒட்ட முடியாது. எட்டு சென்டிமீட்டர் விட்டுவிட்டு, நீளம் அதிகமென்றால் அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம்.

இது நாளைக்கே ஆகாது. ஃபேட் வெட்டி ஐந்து வாரம் ஆகிறது, உன் பக்கத்து முடி இப்போது ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் முடி வளரும். இன்னும் இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். அதில் அடுத்த மாதம்தான் கஷ்டம். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டரில் உன் மாதிரி முடி பிரஷ் போல வெளியே விறைத்து நிற்கும், கண்ணாடியைப் பார்த்தால் எடுத்துவிடலாம் என்று தோன்றும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாதத்தில்தான் மிஷின் போடச் சொல்லிவிடுவார்கள். நீ பிடரியை மட்டும் சுத்தம் செய்துகொள். குளித்ததும் பக்கத்து முடியைக் கையால் கீழ்நோக்கி அழுத்தித் துண்டை ஐந்து நிமிஷம் கட்டி வை, படியும். வண்டியில் போனால் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முன்முடியை விரலால் ஒருமுறை வலப்பக்கம் தள்ளிவிடு.

காதையே மாற்ற முடியுமா என்றும் கேட்டிருந்தாய். உனக்கு ஐந்து வயதில் பாட்டி ராத்திரி ராத்திரி துணி கட்டிவிடுவார்கள், நினைவிருக்கிறதா? பிறந்த சில வாரங்களில் குருத்தெலும்பு இளசாக இருக்கும்போது டாக்டர்கள் பட்டை வைத்துப் படியவைப்பது உண்டு. ஐந்து வயதில் துணிக்கு அது அசையாது. இப்போது என்றால் ஆபரேஷன்தான். அது உன் முடிவு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் இந்த வெட்டு முழுதாக வளர்ந்து வந்த பிறகு உன்னையே நீ பார்த்துவிட்டு முடிவு செய். காற்றடித்தால் காது தெரியத்தான் செய்யும், முடியால் அதற்கு மேல் முடியாது.

ஹைதராபாத்தில் கடைக்காரரிடம் நாற்காலியில் உட்கார்ந்ததும், "மஷீன் நஹீ, கைஞ்சி ஸே", அதாவது மிஷின் வேண்டாம், கத்தரியால் வெட்டுங்கள் என்று இந்தியில் முதலிலேயே சொல்லிவிடு. துணி போர்த்திய பிறகு சொன்னால் கை மிஷினை எடுத்திருக்கும்.

அடுத்த மாதம் இதே சுவர், இதே ஆறடி, இதே இரண்டு படம் எடுத்து அனுப்பு. போனில் அந்தப் படத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்து நீயும் பார். முதலில் பார்வை கண்ணில் போய் நின்றால் சரியாக வருகிறது. காதில் போய் நின்றால் அந்தப் பக்கம் இன்னும் கனம் வேண்டும், எனக்குச் சொல். தீபாவளிக்கு வரும்போது பக்கம் நான்கு சென்டிமீட்டர் ஆகியிருக்கும், முன்முடியை நானே வெட்டிவிடுகிறேன். அதுவரை அதில் யாரையும் கை வைக்க விடாதே.

அம்மா எள்ளுருண்டை செய்து வைத்திருக்கிறாள், பார்சலில் இதோடு வரும்.

அப்பா
மன்னார்குடி