கடன் அட்டை விண்ணப்பத்தின் மூன்று கட்டங்கள்: வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடன் அட்டை வழங்கும் வங்கிகளில் விண்ணப்பப் படிவத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். முதல் வேலைக்குப் போய், முதல் கணக்கைத் தாக்கல் செய்து, முதல் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். உங்கள் படிவத்தில் அவர்கள் தடுமாறும் இடம் எப்போதும் ஒன்றுதான். தொழில் வகை, ஆண்டு வருமானம், கடன் அறிக்கையைப் பார்க்க ஒப்புதல் என்று அடுத்தடுத்து வரும் மூன்று கட்டங்கள். அவற்றில் ஒரு பெண் எப்படிச் சிக்கினார் என்பதைச் சொல்கிறேன்.

அவர் பல் மருத்துவர். ஒரு தனியார் மருத்துவமனையில் தினமும் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை. விடுப்பு வேண்டுமென்றால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாதம் 40,000 ரூபாய் பேசப்பட்டது. ஐந்தாம் தேதி கணக்கில் ஏறுவது 36,000. மருத்துவமனை அவரை ஊழியராகச் சேர்க்காமல் ஆலோசகராக வைத்திருக்கிறது. அதனால் தொழில்முறைக் கட்டணத்துக்கான வரியாகப் பத்து சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. ஆண்டு முடிவில் வரி பிடித்ததற்குச் சான்றாக அவருக்குக் கிடைப்பது சம்பளக்காரருக்குரிய படிவம் 16 அல்ல, படிவம் 16ஏ.

2024ஆம் ஆண்டு இறுதியில் அவர் முதல் விண்ணப்பத்தைப் போட்டார். தொழில் வகை என்ற இடத்தில் ‘சம்பளம் பெறுபவர்’ என்று குறித்தார். வேறு எதைக் குறிப்பார்? தமிழில் உழைப்புக்கு வரும் பணம் எல்லாமே சம்பளம்தான். கொத்தனார் வாங்குவது நாள் சம்பளம், கடைப் பையன் வாங்குவது வாரச் சம்பளம். ‘சுயதொழில்’ என்றால் சொந்தமாகக் கடையோ பட்டறையோ வைத்திருப்பது என்றுதான் எங்கள் ஊரில் பொருள். பிறருடைய மருத்துவமனையில் கைகட்டி வேலை செய்யும் ஒருவருக்கு அந்தச் சொல் தன்னைக் குறிக்கிறது என்று தோன்றவே தோன்றாது. படிவம் அடுத்து மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டது. அவரிடம் இருந்தது மருத்துவமனை கொடுத்த கட்டண ரசீது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ‘எங்கள் உள் கொள்கையின்படி’ என்ற ஒரு வரிக்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த வங்கியில், யாரோ சொன்னதைக் கேட்டு, ‘சுயதொழில் செய்யும் வல்லுநர்’ என்று குறித்தார். அது சரியான விடை. ஆனால் அடுத்த கட்டம் ஆண்டு வருமானம். பேசப்பட்ட தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி 4,80,000 என்று எழுதி, நான் தாக்கல் செய்து கொடுத்த வரிக் கணக்கை இணைத்தார். அந்தக் கணக்கில் மொத்த வருமானம் 2,40,000 என்று இருக்கிறது. மருத்துவர் போன்ற சில தொழில்களில், கிடைத்த தொகையில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு அனுமதித்தது. எஞ்சிய பாதி செலவாகக் கொள்ளப்பட்டது. அந்த ஆண்டின் வரிவிலக்கு வரம்பு மூன்று லட்சம் என்பதால் அவருக்கு வரியே இல்லை. பிடித்த 48,000 ரூபாயும் திரும்ப வந்துவிட்டது.

இப்போது நீங்களே சொல்லுங்கள், அவருடைய ஆண்டு வருமானம் எவ்வளவு? மருத்துவமனை கொடுத்தது 4,80,000. மாதாமாதம் கணக்கில் ஏறியதைக் கூட்டினால் 4,32,000. வரிக் கணக்கு சொல்வது 2,40,000. மூன்றும் உண்மை. எதைக் கேட்கிறீர்கள் என்று உங்கள் கட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் படிவத்தின் அடியில், மேலே கூறிய அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி மட்டும் தவறாமல் இருக்கிறது. ஒரு தொகையை எழுதி வேறொரு தொகை உள்ள தாளை இணைத்தவரை உங்கள் கணினி எப்படிப் பார்க்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. இரண்டாவது முறையும் அதே ஒற்றை வரிதான் வந்தது.

மூன்றாவது விண்ணப்பம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. இந்த முறை வரிக் கணக்கில் உள்ளபடியே 2,40,000 என்று எழுதினார். ‘உங்கள் வருமானம் இந்த அட்டைக்கான குறைந்தபட்சத் தகுதிக்குக் கீழே இருக்கிறது’ என்று பக்கம் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, முதல் பக்கத்திலேயே, பான் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் வாங்கி ஒப்புதல் கட்டத்தையும் டிக் செய்ய வைத்திருந்தீர்கள். அவருடைய கடன் அறிக்கை பார்க்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி வந்துவிட்டது. வருமானத்தை முதலில் கேட்டிருந்தால் அந்தத் தேடலே நடந்திருக்காது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறக்கூடிய முழுக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். கணக்குகள் என்ற பகுதி வெறுமையாக இருந்தது. விசாரணைகள் என்ற பகுதியில் மட்டும் சில வாரங்களுக்குள் மூன்று வரிகள். அதைப் பார்க்கும் நான்காவது வங்கி என்ன நினைக்கும்? கடனுக்காக அலைகிறவர் என்றுதானே? அவர் இதுவரை ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை.

அந்த ஒப்புதல் வாசகத்தையும் படித்தேன். கடன் அறிக்கையைப் பார்க்கவும், குழும நிறுவனங்களோடு விவரங்களைப் பகிரவும், அழைப்பு வேண்டாம் என்று பதிந்திருந்தாலும் விற்பனைக்காக அழைக்கவும் சேர்த்து ஒரே டிக். முதலாவது இல்லாமல் நீங்கள் கடன் தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் அவர் ஏன் கட்டாயப்பட வேண்டும்? வாடிக்கையாளர் விவரங்களை எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று சொல்லி, வெளிப்படையான ஒப்புதல் பெறாமல் பிறருக்குத் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கடன் அட்டை நெறிமுறை சொன்னது. ஒப்புதலை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அவர் டிக் செய்த மூன்று படிவங்களிலும் தமிழ் இல்லை.

வருமானத்தைக் கூட்டி எழுதி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆதாரம் கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். ‘உங்களுக்கு ஆண்டு முடிவில் கிடைப்பது படிவம் 16ஆ, 16ஏவா, இரண்டும் இல்லையா?’ என்று கேட்டால் தொழில் வகை தானாகத் தெரிந்துவிடும். 16ஏ என்பவரிடம் ‘வரிக் கணக்கில் உள்ள மொத்த வரவு’, ‘அதில் காட்டிய வருமானம்’ என்று இரண்டு தொகைகளையும் தனித்தனியே கேளுங்கள். இரண்டும் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. குறைந்தபட்ச வருமானத்தைப் படிவத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள். கடன் அறிக்கைக்கான ஒப்புதலைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் எதனிடம் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள். விற்பனை அழைப்புக்குத் தனி டிக் வையுங்கள், முன்கூட்டியே குறிக்காமல்.

அந்தப் பெண் இப்போது 25,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டு, அதன் பேரில் ஓர் அட்டை வாங்கியிருக்கிறார். அதற்கு வருமானச் சான்று கேட்கவில்லை. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறார்.

நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதே 2022 நெறிமுறையில் இருந்தது. அதைச் சுட்டி அவர் முதல் இரண்டு வங்கிகளுக்கும் கடிதம் எழுதினார். கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான். இன்னும் பதில் வரவில்லை. அவை உங்களிடம்தான் இருக்கின்றன. முதலில் அந்த இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதுபவர் ஒருவர்,
பாளையங்கோட்டை