மூன்றாவது டிக் பெட்டியை ஏன் எடுத்தோம்? வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் ஒருவர் எழுதிய வரலாற்றுப் பத்தியை இன்னொருவர் திருத்துவதற்காக நாங்கள் அச்சிடும் சீட்டில் இதுவரை மூன்று பெட்டிகள் இருந்தன: கருத்து, சான்று, விளக்கம். இருந்தால் டிக், இல்லையென்றால் காலி. இந்த முறை வரும் கட்டில் ‘விளக்கம்’ என்ற பெட்டி இருக்காது. அந்த இடத்தில் இரண்டு வெற்றுக் கோடுகள் இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம், தெரிந்தே செய்த மாற்றம்தான்.

ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு பார்த்தால் காரணம் புரியும். கேள்வி: வெர்சாய் உடன்படிக்கை மீது ஜெர்மானியர்கள் ஏன் கோபம் கொண்டார்கள்? மாணவர் பலரும் எழுதக்கூடிய ஒரு பத்தி இது:

“உடன்படிக்கை ஜெர்மனியைப் பொருளாதார ரீதியாகத் தண்டித்ததால் மக்கள் கோபம் கொண்டார்கள். 1919-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு என்று எழுதப்பட்டிருந்தது. இது மிகப் பெரிய தொகை. ஜெர்மன் ராணுவமும் ஒரு லட்சம் பேராகக் குறைக்கப்பட்டது. இதனால் ஜெர்மானியர்கள் மிகவும் கோபமடைந்தார்கள்.”

பழைய சீட்டைக் கையில் வைத்திருக்கும் மாணவர் இதற்கு மூன்று டிக்கும் போட்டுவிடுவார். முதல் வாக்கியம் கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஆண்டும் தொகையும் இருக்கின்றன. கடைசியில் ‘இதனால்’ என்றும் வருகிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் விளக்கம் வந்துவிட்டது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை. உண்மையில் இந்தப் பத்தியில் விளக்கமே கிடையாது. ‘மிகப் பெரிய தொகை’ என்பது வெறும் வருணனை. கடைசி வாக்கியம் கேள்வியைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க மாணவருக்கு ஓர் எளிய சோதனை போதும். சான்றைக் கையால் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு சான்றை மனதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அல்சேஸ்-லொரைன் பிரான்சுக்குப் போனது’ என்று வைத்தாலும் ‘இதனால் மிகவும் கோபமடைந்தார்கள்’ என்ற வாக்கியம் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. எந்தச் சான்றுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தச் சான்றையும் விளக்கவில்லை. புதிய சீட்டின் நடுவில் இதை ‘மாற்றிப் பொருத்து’ என்று இரண்டே சொல்லில் அச்சிட்டிருக்கிறோம்.

திருத்துபவர் பத்தியை மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை கருத்துக்கு ஒற்றைக் கோடு, இரண்டாம் முறை சான்றைச் சுற்றிக் கட்டம், மூன்றாம் முறை விளக்கத்துக்கு அலைக்கோடு. டிக் போடுவதைவிடக் கோடு போடுவது நல்லது. கோடு போட வேண்டுமென்றால் எந்தச் சொற்கள் என்று காட்டியாக வேண்டுமே! மேலே உள்ள பத்தியில் அலைக்கோடு போடப் போகும் பென்சில் போக இடமில்லாமல் நிற்கும். அப்போது திருத்துபவர் அந்த இரண்டு வெற்றுக் கோடுகளில் எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி எழுதுவார். ‘இன்னும் விளக்கவும்’ என்று எழுதக் கூடாது. அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. சான்றில் உள்ள ஒரு சொல் கேள்விக்குள் வந்தே தீர வேண்டும் என்பது விதி. உதாரணமாக: “இந்த இழப்பீட்டைக் கட்டுவது அநியாயம் என்று அவர்கள் ஏன் நினைத்தார்கள்?”

அதற்குப் பதிலாக எழுதியவர் சேர்க்க வேண்டியது இரண்டு வாக்கியம்தான். “உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு, போரினால் ஏற்பட்ட சேதத்துக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்றது, இழப்பீடு அந்தப் பிரிவின் அடிப்படையில்தான் கேட்கப்பட்டது. போரைத் தாங்கள் மட்டும் தொடங்கவில்லை என்று நம்பியவர்களுக்கு, செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டுவதாகத் தோன்றியது.” இப்போது அல்சேஸ்-லொரைனை மாற்றிப் பொருத்திப் பாருங்கள், அபராதம் என்ற பேச்சு ஒட்டாது. அலைக்கோடு போடலாம்.

சான்றுப் பெட்டியிலும் இரண்டு சிக்கல் உண்டு. ராணுவம் ஒரு லட்சமாகக் குறைக்கப்பட்டது உண்மையான தகவல். ஆனால் ‘பொருளாதார ரீதியாக’ என்று தொடங்கிய பத்தியில் அதற்கு வேலையில்லை. இதைச் சக மாணவர்கள் ஓரளவு பிடித்துவிடுகிறார்கள், கட்டத்திலிருந்து கருத்துக்கு ஓர் அம்புக்குறி போடச் சொன்னால் போதும். அம்பு போட முடியாத சான்று வேறு பத்திக்குப் போக வேண்டியது.

இரண்டாவது சிக்கல் பெரியது. 1919 உடன்படிக்கையில் இழப்பீட்டின் மொத்தத் தொகை குறிப்பிடப்படவே இல்லை. அதை முடிவு செய்யும் வேலை ஓர் ஆணையத்திடம் விடப்பட்டது. 13,200 கோடி தங்க மார்க் என்ற கணக்கு வந்தது 1921-இல். எழுதியவருக்குத் தெரியாத பிழை பக்கத்து வரிசைக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியும்? எண் இருந்தால் சான்று என்று அவர் கட்டம் போட்டுவிடுவார். ஆகவே திருத்தும்போது பாடக் குறிப்பு மேசையில் திறந்தே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் உள்ள ஆண்டு, எண், பெயர் ஆகியவற்றை மட்டும் குறிப்போடு ஒப்பிட்டு, கிடைக்காததற்குக் கேள்விக்குறி போடட்டும். அந்தக் கேள்விக்குறிகளைத் தீர்த்துவைப்பது உங்கள் வேலை, மாணவருடையது அல்ல.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆறேழு வாக்கியம் உள்ள ஒரு பத்திக்குப் படிப்பதும் கோடு போடுவதும் பத்து நிமிடம், கேள்வி எழுத மூன்று நிமிடம், திருப்பி எழுத ஐந்து நிமிடம் என்று வையுங்கள். திருப்பி எழுதும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் அடுத்த வகுப்புக்குத் தள்ளாதீர்கள், கேள்வி ஆறிப்போய்விடும். முதல் முறை செய்யும்போது மேலே உள்ளது போன்ற ஒரு மாதிரிப் பத்தியை வகுப்பு முழுவதும் சேர்ந்து திருத்திவிட்டுத்தான் தாள்களை மாற்ற வேண்டும். நண்பர்களுக்குள் மாற்றிக்கொண்டால் தாராளம் கூடிவிடும். பெயருக்குப் பதில் எண் எழுதச் சொல்லி, வேறு வரிசைக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவதில் சிலர் நேரம் முழுவதையும் செலவழிப்பார்கள்; சீட்டில் அதற்கு இடமே விடவில்லை.

மதிப்பெண்ணுக்கும் இடமில்லை. இந்தச் சீட்டு பத்தியின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். பல காரணங்களில் எது முக்கியம் என்று எடைபோடும் முடிவுரைக்கோ, ஓர் ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கோ இது உதவாது. சான்றை முதலில் வைத்துக் கருத்தைக் கடைசியில் சொல்லும் மாணவரை இந்த வரிசைக்குள் இழுத்துக் கட்டவும் வேண்டாம். மூன்று வகைக் கோடும் பத்தியில் எங்கேனும் இருந்தால் சரி.

பழைய கட்டு மீதம் வைத்திருப்பவர்கள் அதை வீணாக்க வேண்டியதில்லை. மூன்றாவது பெட்டியைப் பேனாவால் அடித்துவிட்டு, சீட்டின் பின்பக்கத்தில் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாச் சீட்டையும் படிக்க நேரமில்லையென்றால், பின்பக்கம் காலியாக இருப்பவற்றை மட்டும் எடுத்து முதலில் பாருங்கள்.

அன்புடன்,
சீட்டு அச்சிடும் குழுவினர்