தலைமுடிக்கென விற்கப்படும் குளிசைகள் குறித்து யாழ்ப்பாணத்து மருந்தாளர்களுக்கும் மருந்தக உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்தாளர்களுக்கும் மருந்தக உரிமையாளர்களுக்கும்,

இக்குடாநாட்டின் மருந்தகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு மருந்தாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகின்றேன். முடி உதிர்கிறதென்று சொல்லிக்கொண்டு நம் கடை வாசலுக்கு வருபவர்களுக்கு, முடியையும் நகத்தையும் வளர்ப்பதாகக் கூறும் குளிசைகளை நாம் கேள்வி எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கின்றோம். அக்குளிசைகள் பலவற்றில் விற்றமின் ஏயும் செலீனியமும் உள்ளன. இவ்விரண்டும் உடலுக்குத் தேவையானவை. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. அளவு மீறும்போது இவை இரண்டுமே முடியை உதிர்க்கக் கூடியவை என்பதை வாங்குபவர் அறியமாட்டார். நாம் அறிவோம், ஆனால் சொல்வதில்லை.

ஒற்றைக் குளிசையால் அளவு மீறுவது அரிது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் பொதிகள், வீட்டில் முன்பே இருக்கும் மீன் எண்ணெய், நம் கடையில் வாங்கியது எல்லாம் ஒரே வயிற்றுக்குள் சேரும்போதுதான் அளவு மீறுகிறது. ஒவ்வொரு போத்தலும் தன்னளவில் பாதுகாப்பானதாகவே தோன்றும். அவற்றின் கூட்டுத்தொகையை எந்தப் போத்தலும் சொல்லாது. நம் ஊரில் பொதுவாகக் காணக்கூடிய ஒரு நிலையை எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டுத்தொகையை இங்கே போட்டுக் காட்டுகின்றேன்.

நல்லூர்ப் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுடைய ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி மழையில் அவருக்கு டெங்குக் காய்ச்சல் வருகிறது. தேறிய பின், மாசியளவில், தலை வாரும்போது கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்குகிறது. கடுங்காய்ச்சலுக்கோ மகப்பேற்றுக்கோ பின் இரண்டு, மூன்று மாதங்களில் இவ்வாறு முடி கொட்டுவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று: அதிர்ச்சிக்குள்ளான முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குச் செல்வதும், ஓய்வுக்காலம் முடிந்ததும் அம்முடிகள் ஒன்றாக விழுவதுமே காரணம். வேறு குறை இல்லையெனில், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் இது தானாகவே அடங்கிவிடும். ஆனால் அவர் பயந்துபோய் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். ரொறன்ரோவிலிருந்து பொதி வருகிறது.

அதிலுள்ள முடிக்கான குளிசையை நாளுக்கு இரண்டு எடுக்கும்படி சிட்டையில் எழுதியிருக்கிறது. இரண்டிலும் சேர்த்து ரெற்றினோல் வடிவிலான விற்றமின் ஏ 1500 மைக்கிரோகிராமும் செலீனியம் 200 மைக்கிரோகிராமும் உள்ளன. காய்ச்சலின் சோர்வு தீர நம் கடையில் வாங்கிய பலவிற்றமின் குளிசையில் விற்றமின் ஏ 750, செலீனியம் 55. பிள்ளைகளுக்கென வாங்கிய கொட் மீன் ஈரல் எண்ணெயில் தானும் ஒரு தேக்கரண்டி குடிக்கிறார். அதில் விற்றமின் ஏ ஏறத்தாழ 1350. பொதியில் பிரேசில் கொட்டையும் வந்திருப்பதால், அது முடிக்கு நல்லதென்று கேள்விப்பட்டுக் காலையில் இரண்டு கொட்டை சாப்பிடுகிறார்.

முதலில் விற்றமின் ஏயைக் கூட்டுவோம். குளிசைகளிலும் எண்ணெயிலும் மட்டும் நாளுக்கு 3600 மைக்கிரோகிராம். வளர்ந்த பெண்ணுக்குத் தேவையானது 700, ஆணுக்கு 900, இருபாலாருக்கும் உச்ச வரம்பு 3000. பழைய முறையில் அச்சிட்ட சிட்டைகளில் அளவு சர்வதேச அலகில் இருக்கும். ரெற்றினோலைப் பொறுத்தவரை அதை 0.3ஆல் பெருக்கினால் மைக்கிரோகிராம் கிடைக்கும். ஆகவே 10,000 அலகு என்று கண்டால் அதுவே வரம்பு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியை ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் கறியும் உண்பவரானால், நூறு கிராம் ஈரலில் பல ஆயிரம் மைக்கிரோகிராம் ரெற்றினோல் உண்டு என்பதையும் சேர்க்க வேண்டும். எஞ்சுவதை ஈரல் சேமித்து வைப்பதால், மேலதிகம் அன்றன்றே சிறுநீரில் கழிந்து போவதில்லை, மாதக்கணக்கில் சேர்கிறது.

இந்த வரம்பு ரெற்றினோலுக்கு மட்டும் உரியது. முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, பப்பாசி, மாம்பழம் ஆகியவற்றில் இருப்பது பீற்றா கரோற்றின். உடல் அதைத் தேவைக்கேற்பவே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்கிறது. அவற்றை மிக அதிகமாக உண்டால் உள்ளங்கை மஞ்சளாகலாம், ஆனால் விற்றமின் ஏ நஞ்சாதல் நேராது. எனவே யாரையும் கீரையிலிருந்து விலக்கிவிடாதீர்கள். அதேபோல, குழந்தைகளுக்குப் பொதுச் சுகாதார மருத்துவமாது குறித்த இடைவெளியில் கொடுக்கும் விற்றமின் ஏ பெருமாத்திரையைக் கண்டும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அது நாள்தோறும் கொடுக்கப்படும் மருந்தன்று. நம் கவனம் தேவைப்படுவது சிட்டையில் ரெற்றினைல் பால்மிற்றேற் அல்லது ரெற்றினைல் அசிற்றேற் என்று எழுதப்பட்டிருப்பவற்றுக்கே.

இனிச் செலீனியம். முடிக்கான குளிசையிலும் பலவிற்றமின் குளிசையிலும் சேர்த்து மட்டும் நாளுக்கு 255 மைக்கிரோகிராம். நாளாந்தத் தேவை 55. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வகுத்த உச்ச வரம்பு 400; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 255 என்று வகுத்தது. இரண்டுமே உணவையும் உள்ளடக்கிய வரம்புகள். இந்த ஆசிரியையோ, சோற்றையும் மீனையும் எண்ணிக்கையில் சேர்க்கும் முன்னரே ஐரோப்பிய வரம்பைத் தொட்டுவிட்டார். பிரேசில் கொட்டை விளைந்த மண்ணைப் பொறுத்து அதிலுள்ள செலீனியம் பெரிதும் மாறுபடும். ஒன்றில் 70 முதல் 90 வரை இருப்பது வழமை. ஆகவே இரண்டு கொட்டைகளோடு கூட்டுத்தொகை 395 முதல் 435 வரை ஆகிறது. சூரையும் சூடையும் இறாலும் நண்டும் செலீனியம் நிறைந்த உணவுகள். அவற்றை நாள்தோறும் உண்ணும் கரையோர வீட்டில் இவற்றுக்கு மேல் குளிசை எதற்கு என்பதே என் கேள்வி.

இவ்விரண்டில் எதை முதலில் சந்தேகிப்பது என்று கேட்டால், இந்தக் கணக்கைப் பொறுத்தவரை நான் செலீனியத்தைத்தான் சுட்டுவேன். விற்றமின் ஏயின் வெளிப்படையான நஞ்சாதல் பெரும்பாலும் வரம்பைவிடப் பல மடங்கு கூடிய அளவுகளை நெடுநாள் எடுத்தவர்களிடமே காணப்பட்டிருக்கிறது. வரம்பைச் சற்றுக் கடந்தவர் எல்லோருக்கும் முடி கொட்டும் என்று சொல்வது நேர்மையாகாது. செலீனியத்தில் இடைவெளி குறுகியது. 2001இல் அமெரிக்காவில் தொடங்கி 2008இல் நிறுத்தப்பட்ட பேராய்வொன்றில், புரொஸ்ரேற் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்ப்பதற்காக முப்பத்தையாயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் சேர்க்கப்பட்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 200 மைக்கிரோகிராம் செலீனியம் கொடுக்கப்பட்டது. புற்றுநோய் தடுக்கப்படவில்லை, செலீனியம் எடுத்தோரிடையே முடி உதிர்வு கூடுதலாக இருந்தது. ஐரோப்பிய வரம்பு 255ஆக வகுக்கப்பட்டதற்கு அடிப்படையாக அமைந்தது இந்த முடி உதிர்வுதான். முடிக்கென விற்கும் குளிசையின் சிட்டையில் அதே 200ஐக் காணும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதறுகிறது.

சிட்டையையே நம்ப முடியாத நிலையும் உண்டு. 2008இல் அமெரிக்காவில் திரவ வடிவிலான ஒரு போசணைச் சேர்க்கையில், குறிப்பிட்டதைவிட இருநூறு மடங்கு செலீனியம் தவறுதலாகக் கலக்கப்பட்டு, 201 பேர் பாதிக்கப்பட்டனர். வயிற்றோட்டம், களைப்பு, மூட்டு நோவு, நகச் சிதைவு ஆகியவற்றோடு அவர்களுட் பெரும்பாலோருக்கு முடியும் கொட்டியது. பதிவு எண்ணோ இறக்குமதியாளர் பெயரோ இல்லாமல் பயணப் பெட்டிகளில் வந்து சேரும் போத்தல்களை நம் தட்டில் வைத்து விற்பவர்கள் இந்நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அளவு மீறியதை எவ்வாறு அறிவது? செலீனியமானால் நகத்தைப் பாருங்கள். நகம் எளிதில் உடைவதும், வெண்புள்ளிகளோ குறுக்குக் கோடுகளோ தோன்றுவதும், மூச்சில் உள்ளிப் பூண்டின் மணம் வீசுவதும், வாயில் உலோகச் சுவை தங்குவதும் முடி உதிர்வோடு சேர்ந்து வந்தால் வேறு காரணம் தேடுமுன் போத்தல்களைத் தேட வேண்டும். விற்றமின் ஏயானால் உதடு வெடித்தல், தோல் வறண்டு உரிதல், தலையிடி, எலும்பு நோவு ஆகியன முடி உதிர்வோடு வரும். இரத்தத்தில் ரெற்றினோலின் அளவை ஈரல் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பதால், அப்பரிசோதனை சாதாரணமாக இருந்தாலும் சேமிப்பு மிகுந்திருக்கலாம். ஆகவே பரிசோதனைத் தாளைவிட, வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லிக் கூட்டிப் பார்ப்பதே நம்பகமானது.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆசிரியையின் முடி முதலில் கொட்டியது காய்ச்சலால். அது அடங்க வேண்டிய காலத்தில் குளிசைகளின் விளைவு தொடங்குகிறது. உதிர்வு நிற்கவில்லையே என்று அவர் அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்னொரு போத்தலைத் தேடி நம்மிடம் வருகிறார். அந்த வேளையில் நாம் கொடுக்க வேண்டியது மற்றொரு குளிசையன்று.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். முடிக்கான எந்தச் சேர்க்கையையும் கொடுக்குமுன், வேறு என்ன எடுக்கிறீர்கள், மீன் எண்ணெய் குடிக்கிறீர்களா, வெளிநாட்டிலிருந்து ஏதும் வந்ததா என்று கேளுங்கள். கருவுற்றிருக்கிறாரா, கருத்தரிக்க எண்ணியிருக்கிறாரா என்பதையும் பக்குவமாகக் கேளுங்கள். மிகுந்த ரெற்றினோல் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக் கூடியது. முகப்பருவுக்கு ஐசோரெற்றினோயின் எடுப்பவருக்கு விற்றமின் ஏ அடங்கிய எதனையும் கொடுக்க வேண்டாம், ஏனெனில் அம்மருந்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. குளிசைகளுக்கு அருகில், விற்றமின் ஏ 3000, செலீனியம் 255, இவற்றுக்கு மேல் போகாதீர்கள் என்று தமிழில் ஓர் அட்டை எழுதி வையுங்கள். காரணம் தெரியாத முடி உதிர்வோடு வருபவரை மருத்துவரிடம் அனுப்பி, ஈமோகுளோபின், பெரிற்றின், தைரொயிட்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களிடையே இரும்புச் சத்துக் குறைபாடு பரவலாக இருக்க, செலீனியக் குறைபாட்டை ஊகித்து மருந்து கொடுப்பது முறையன்று.

ஏற்கெனவே அளவு மீறியவர் வந்தால், விற்றமின் ஏயோ செலீனியமோ அடங்கிய சேர்க்கைகள் அனைத்தையும் ஒன்றாக நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் காட்டும்படி எழுதிக் கொடுங்கள். தலையிடியோடு பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நிறுத்திய மறுவாரமே முடி உதிர்வது நின்றுவிடாது; ஓய்வுநிலைக்குச் சென்றுவிட்ட முடிகள் இன்னும் இரண்டு, மூன்று மாதம் விழுந்துகொண்டுதான் இருக்கும், பழுதுபட்ட கைவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாற ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நிறுத்தியதால்தான் முடி கொட்டுகிறது என்று எண்ணி அவர் மீண்டும் தொடங்கிவிடுவார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.