உங்கள் பில்லில் எழுதாமல் விடும் 15 வாட்: நீலகிரி இன்வெர்ட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கு,

கூடலூரில் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறேன். நீங்கள் விற்கும் இன்வெர்ட்டர்களை மாட்டிக் கொடுப்பது பெரும்பாலும் என்னைப் போன்ற ஆட்கள்தான். "இது எத்தனை மணி நேரம் ஓடும்?" என்று வாங்க வருகிறவர் கேட்டால், நம் ஊர்க் கடைகளில் ஒரே கணக்குதான் சொல்லப்படுகிறது. 150 ஏ.எச். பேட்டரி, 12 வோல்ட், பெருக்கினால் 1800 வாட்-மணி. அதை வீட்டு வாட்டால் வகுத்தால் மணி வந்துவிடும். இந்தக் கணக்கு சமவெளியிலேயே தப்பாகத்தான் வரும். மலையில் அது இன்னும் மோசமாகத் தப்புகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல், மே புழுக்கத்துக்குக் கூடலூரில் ஃபேன் வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட், 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, வைஃபை பெட்டிக்கு ஒரு 8 வாட். மொத்தம் 110. கடைக் கணக்குப்படி 16 மணி நேரம் ஓட வேண்டும்.

ஆனால் பேட்டரியிலிருந்து போவது 110 வாட் இல்லை. 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் சூடாகப் போய்விடுகிறது. ஆக வீட்டுக்கு 110 வாட் கிடைக்க, பேட்டரி 125 கொடுக்க வேண்டும். அப்புறம் இன்வெர்ட்டர் என்ற பெட்டி உயிரோடு இருக்கவே கொஞ்சம் கரண்ட் வேண்டும். எதுவும் எரியாதபோது என் பெட்டியின் பேட்டரி ஒயரில் டி.சி. கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். 1.2 ஆம்பியர் காட்டியது, அதாவது 15 வாட் பக்கம். இரண்டையும் சேர்த்தால் 140 வாட்.

அடுத்தது பேட்டரி. மேலே 150 என்று அச்சடித்திருப்பது, 27 டிகிரி வெப்பத்தில் 20 மணி நேரம் எடுத்து மெதுவாக வடிக்கும்போது கிடைக்கும் அளவு. அது ஏழரை ஆம்பியர் வேகம். என் வீடு இழுப்பதோ பன்னிரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. வேகமாக வடித்தால் ஈய பேட்டரி முழு அளவையும் தராது. 150க்குப் பதில் 137 அளவில்தான் எதிர்பார்க்கலாம். இவ்வளவையும் போட்டால் புதுப் பேட்டரிக்கே பதினொன்றரை மணி நேரம்தான் வருகிறது. என் பேட்டரிக்கு மூன்று வயது ஆகிவிட்டது. முழுக்க சார்ஜ் ஏற்றி, மெயினை அணைத்து, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் ஆகும் முன்பே பீப் அடித்துவிட்டது. பதினாறுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழு இரவு.

இதற்கு வழி பெரிய பேட்டரி இல்லை. ஃபேனை 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் பேட்டரி மேல் விழும் சுமை 140லிருந்து 87க்கு இறங்கிவிடும். புதுப் பேட்டரி 20 மணி நேரமும், என்னுடைய பழசே 15 மணி நேரமும் தாங்கும். 200 ஏ.எச். பேட்டரியை விற்கும் முன்பு, அவர் வீட்டு ஃபேன் எந்த மாதிரி என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி ஊட்டிக்கு வருகிறேன். எனக்கு இதை எழுதத் தோன்றியதே அங்கே நடந்ததால்தான்.

அக்கா வீடு ஊட்டிப் பக்கம். அங்கே ஃபேன் என்ற பேச்சே இல்லை. சாயங்காலம் ஐந்து மணி நேரம் இரண்டு பல்பும் வைஃபையும், மொத்தம் 26 வாட். விற்ற கடையில், "உங்க லோடுக்கு ஒரு வாரம் கவலையே இல்லக்கா" என்று சொல்லியிருக்கிறார்கள். மழையில் கம்பி மேல் மரம் சாய்ந்து கரண்ட் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது. பேட்டரி கெட்டுவிட்டது என்று அக்கா நினைத்தார். போய்ப் பார்த்தேன், பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று நாளும் இன்வெர்ட்டரை யாரும் அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். பல்பு எரியும்போது மாற்றும் இழப்பும் பெட்டியின் பங்கும் சேர்த்து 45 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 225. மீதி 19 மணி நேரம் வீட்டில் ஒன்றும் எரியவில்லை. ஆனால் பெட்டி மட்டும் 15 வாட்டைத் தின்றுகொண்டே இருந்தது. அது 285. வெளிச்சத்துக்குப் போனதைவிட, சும்மா நின்றதற்குப் போனது அதிகம்! ஃபேன் ஓடும் வீட்டில் இந்த 15 வாட் கண்ணுக்கே தெரியாது. பல்பு மட்டும் எரியும் மலை வீட்டில் அதுதான் பெரிய செலவு.

குளிரையும் சேர்க்க வேண்டும். அறை 10 டிகிரிக்கு இறங்கினால் பேட்டரி தருவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். புதுப் பேட்டரியில் 1800க்கு 1620 என்று வையுங்கள். நாளுக்கு 510 செலவானால் மூன்று நாளுக்கு மேல் போகாது. அக்காவின் பேட்டரிக்கு இரண்டு வயது, அதனால் அதற்கும் முன்பே தீர்ந்தது. தேவையான ஐந்து மணி நேரம் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு, மற்ற நேரம் முன்பக்க சுவிட்சை அணைத்திருந்தால் நாளுக்கு 225தான். புதுசில் ஏழு நாள், அவருடையதில் ஆறு நாள். பேட்டரி மாறவில்லை, பல்பும் மாறவில்லை, சுவிட்ச் மட்டும்தான் வித்தியாசம். பெரும்பாலான பெட்டிகளில் அந்த சுவிட்சை அணைத்தாலும், கரண்ட் வந்ததும் சார்ஜ் ஏறத்தான் செய்யும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காலியான பேட்டரி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 12 ஆம்பியர் சார்ஜர் முழுதாய் ஏற்ற 13, 14 மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான்கு மணி நேரம் கரண்ட் வந்து திரும்பப் போனால், உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்குதான். பீப் அடித்து நின்ற பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் காலியாகப் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து, அடுத்த முறை இந்த மணிக்கணக்கும் வராது. கரண்ட் வந்த பிறகும் சுவரில் இருக்கும் மெயினை ஆன் செய்யாமல் விட்ட வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். பில்லில் விலைக்குக் கீழே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ஒன்று, எதுவும் எரியாதபோது இந்தப் பெட்டி எடுக்கும் ஆம்பியர். கிளாம்ப் மீட்டர் உங்களிடமே இருக்கும், ஒரு நிமிட வேலை. இரண்டு, அவர் சொன்ன ஃபேன், பல்புக்கு இழப்பெல்லாம் போக எத்தனை மணி நேரம் என்று, புதுசில் ஒரு எண்ணும் மூன்றாம் வருடத்துக்கு ஒரு எண்ணும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்குப் போகும் பெட்டிகளில் சுவிட்சுக்கு மேலே, "கரண்ட் இல்லாதபோது, வெளிச்சம் தேவையில்லை என்றால் இதை அணைக்கவும்" என்று தமிழில் ஒரு சீட்டும் ஒட்டி அனுப்புங்கள். நான் மாட்டும் வீடுகளில் இப்போது பேனாவால் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஒரு வயரிங் தொழிலாளி