புதிய விலை: நாங்கள் போட்ட கணக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வரும் தை முதல் தேதியிலிருந்து நம் கும்பகோணம் பார்லரில் ஹேர்கட் 200 ரூபாயிலிருந்து 250 ஆகிறது. முகூர்த்த மேக்கப் 6,500லிருந்து 8,000 ஆகிறது. பல வருஷமாக வருகிற உங்களிடம் காரணம் சொல்லாமல் விலைப் பலகையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

வாடகை 15,000, கரண்டும் தண்ணீரும் 5,000, உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களின் சம்பளம் 26,000, துண்டு துவைக்க 2,000, எனக்கு 22,000. யார் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 70,000 ரூபாய் வேண்டும்.

நாங்கள் மூன்று பேர், 26 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 624 மணி நேரம். அதால் வகுத்தால் மணிக்கு 112 ரூபாய்தான். பழைய விலையை இப்படித்தான் போட்டேன், அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு வருஷம் நோட்டில் குறித்துப் பார்த்தபோது, உண்மையில் கை வேலை செய்த நேரம் சராசரியாக மாதம் 280 மணிதான். செவ்வாய், வெள்ளி, அமாவாசையில் பலர் முடி வெட்டுவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. ஆனாலும் அந்த மாதங்களில் சம்பளத்தைக் குறைக்க மாட்டேன். ஆடியில் அனுப்பிவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பழகிய கை எங்கே கிடைக்கும்?

ஆக, ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாய் வருகிறது. தலை அலசி வெட்ட முக்கால் மணி நேரம், அதற்கு 188. ஷாம்பு, கண்டிஷனர், கழுத்துப் பட்டைக்கு 35. மொத்தம் 223. இத்தனை நாள் ஒவ்வொரு ஹேர்கட்டிலும் 23 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது.

மணப்பெண் மேக்கப்பில் நேரம் இன்னும் கூடுதல். விடிகாலை முகூர்த்தத்துக்கு இரவு 2 மணிக்கே கிளம்புகிறோம். முன்கூட்டியே ஒரு ட்ரயல், முதல் நாள் புடவை மடிப்பு எடுத்து அயர்ன் செய்வது, மண்டபத்தில் மேக்கப், ஜடை அலங்காரம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 14 மணி நேரம், அதாவது 3,500 ரூபாய். ஒரு முகத்துக்கு ஃபவுண்டேஷன் கொஞ்சம்தான் ஆகும். ஆனால் எல்லா நிறத்துக்கும் ஷேட் வைத்திருக்க வேண்டும், திறந்த பாட்டிலை ஒரு வருஷத்துக்கு மேல் முகத்தில் போட மாட்டேன். மஸ்காராவுக்கு இன்னும் குறைந்த ஆயுள். மீந்ததைக் கொட்டத்தான் வேண்டும். வருஷம் 36,000க்கு வாங்கி 24 கல்யாணத்துக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 1,500. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்பாஞ்ச், ஒட்டு இமை முடி, பிரஷ் 500. உதவிப் பெண்ணுக்கு இரவு வேலைப் படி 500, ஆட்டோ 600. கூட்டினால் 6,600. மேலே வரும் 1,400 ரூபாய், தேய்ந்துபோகும் நாற்காலி, ஹேர் அயர்ன், ஸ்டீமர் மாற்றுவதற்கும் புதிதாகக் கற்றுக்கொள்வதற்கும். பூ மட்டும் தனி, அன்றைய விலைக்கே.

வார நாளில் பகல் 11 முதல் 3 வரை நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அப்போது வந்தால் ஹேர்கட் பழைய 200 ரூபாய்தான். வாடகையும் சம்பளமும் எப்படியும் போகிறது, கூடுதலாக எனக்கு ஆவது அந்த 35 மட்டுமே.

அப்புறம், ஏற்கெனவே முன்பணம் கட்டிய மணப்பெண்களுக்குப் பழைய விலையே. இனி முகூர்த்த நாளுக்கு 2,000 முன்பணம். தேதிக்கு ஒரு மாதம் முன்பே சொன்னால் முழுதும் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் பார்லர் அக்கா